நடந்து வந்தது யார்?

எங்கள் நண்பர் ஒருவர் தம்முடைய சிறுகதையொன்றைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆங்கில இதழ் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். கதை இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நிராகரிக்கப்பட்டு அன்று, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு. அவற்றில் ஒன்று அவரை மிகவும் புண்படுத்திவிட்டது. மூன்று நாளாகத் தலைமறைவாக இருப்பவன் எப்போது வேலைக்குச் சேர்ந்தான் என்று கேட்டிருந்தார் அந்த ஆசிரியர். கதையைச் சரியாக வாசிக்காமலேயே கருத்துச் சொல்கிறார்கள் என்று நண்பர் கொதித்தார். நாங்களும் முதலில் அவர் பக்கமே நின்றோம். கையெழுத்துப் படியை வாங்கிப் பார்த்த பிறகுதான், அந்த ஆசிரியர் எங்கள் எல்லோரையும்விடக் கவனமாகப் படித்திருக்கிறார் என்பது தெரிந்தது.

கதையில் ஓர் அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். அண்ணன் ஒரு வழக்குக்குப் பயந்து ஊர்ப் பாலத்தின் அடியில் பதுங்கியிருக்கிறான். தங்கை மில்லில் வேலை செய்கிறாள். தமிழ் மூலத்தில் அந்த வாக்கியம் இப்படி இருந்தது: 'வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகையில் பாலத்தடியிலிருந்து அண்ணன் அவளைப் பார்த்தான்.' தமிழில் வாசிக்கிற எவருக்கும் இதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. வேலைக்குப் போனவள் அவள்தான். நடந்து வந்தவளும் அவள்தான். ஆங்கிலத்தில் நண்பர் எழுதியது: 'வைல் வாக்கிங் ஹோம் ஃப்ரம் வொர்க், ஹெர் பிரதர் சா ஹெர் அண்டர் த பிரிட்ஜ்.' இந்த ஆங்கில வாக்கியத்தில் வேலை முடிந்து நடந்து வருபவன் அண்ணன். பாலத்தின் அடியில் நிற்பவள் தங்கை. தலைமறைவானவன் தெருவில் நடக்கிறான், நடந்து வந்தவள் ஒளிந்திருக்கிறாள். கதை முற்றிலும் தலைகீழாகிவிட்டது. இத்தனைக்கும் சொற்களில் எதுவும் தவறில்லை.

ஆங்கில இலக்கணக்காரர்கள் இதைத் தொங்கும் எச்சம் என்ற பொருளில் 'டாங்க்லிங் பார்ட்டிஸிப்பிள்' என்பார்கள். 1926இல் வெளிவந்த தம் அகராதியில் ஃபௌலர் இதைப் 'பற்றில்லாத எச்சம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். அவருக்கு முன்பே, 1918இல், வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக எழுதிய சிறு கையேட்டில், வாக்கியத்தின் தலைப்பில் வரும் எச்சத் தொடர் அவ்வாக்கியத்தின் எழுவாயையே குறிக்கவேண்டும் என்று விதி வகுத்துவிட்டார். பள்ளிக்கூடங்களில் இதற்கு எப்போதும் ஒரு கேலி உதாரணம் காட்டுவார்கள். 'வைல் வாக்கிங் ஹோம், த டெம்பிள் பெல் வாஸ் ஹெர்ட்' என்று எழுதினால் கோயில் மணி வீட்டுக்கு நடந்து போகிறது, எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பு வருகிற பிழையால் யாருக்கும் பெரிய கேடு இல்லை என்பது எங்கள் எண்ணம். மணி நடக்காது என்று வாசகருக்குத் தெரியும், அவரே திருத்தி வாசித்துக்கொள்வார். கேடு விளைவது அண்ணன் விஷயத்தில்தான். அண்ணனுக்குக் கால் இருக்கிறது, அவனும் நடப்பான். அங்கே யாரும் சிரிப்பதில்லை. பொருள் ஓசையின்றி மாறிப்போகிறது.

தமிழில் எழுதிப் பழகிய கைக்கு இந்தப் பிழை ஏன் இத்தனை இயல்பாக வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 'வருகையில்' என்பதைப் பிரித்தால் வருகை என்ற தொழிற்பெயரும் இல் என்ற உருபும் கிடைக்கும். 'வரும்போது' என்பதில் பெயரெச்சமும் பொழுதைக் குறிக்கும் பெயரும் இருக்கின்றன. இரண்டிலும் தனக்கென்று ஓர் எழுவாயை வைத்துக்கொள்ள இடம் உண்டு. 'அவள் வருகையில் அண்ணன் பார்த்தான்' என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த 'அவள்' சொல்லப்படாதபோதும் அவளுக்கான இடம் அங்கே காலியாகக் காத்திருக்கிறது. முந்திய வாக்கியத்திலிருந்து அவளே வந்து அமர்ந்துகொள்கிறாள். ஆங்கிலத்தின் 'வைல் வாக்கிங்' அப்படிப்பட்டதன்று. 'வைல் ஷி வாஸ் வாக்கிங்' என்ற முழு வாக்கியத்திலிருந்து 'ஷி வாஸ்' என்ற இரு சொற்களைக் கழித்துவிட்டுச் சுருக்கிய வடிவம் அது. சுருக்கிய பின் அதற்குள் எழுவாய்க்கு இடமே கிடையாது. 'வைல் ஷி வாக்கிங்' என்று ஆங்கிலத்தில் எழுத முடியாதல்லவா? ஆகவே வாசகர் அடுத்து வரும் முதன்மை வாக்கியத்தின் எழுவாயைக் கடனாக எடுத்து அங்கே வைக்கிறார். 1985இல் வந்த க்வர்க் குழுவினரின் பெரிய ஆங்கில இலக்கண நூல் இதற்கு இணைப்பு விதி என்றே பெயர் சூட்டியிருக்கிறது. கடன் கொடுக்க அங்கே அண்ணன் நின்றிருந்தால், அண்ணன்தான் நடப்பான்.

தமிழில் இப்படி ஒரு விதியே இல்லை என்று சொல்லவும் கூடாது. தொல்காப்பியத்தின் வினையியல், செய்து என்னும் வாய்பாட்டு எச்சமும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் வேறு இரண்டும் தம் வினைமுதலைக் கொண்டே முடியவேண்டும் என்கிறது. 'அவள் வீட்டுக்கு வந்து சமைத்தாள்' என்றால் வந்தவளும் சமைத்தவளும் ஒருத்திதான். ஸ்ட்ரங்க் சொன்னதற்கு மிக நெருங்கிய கட்டளை இது. ஆனால் ஏனைய எச்சங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. கட்டுள்ளவற்றுக்கும் ஒரு விலக்கு உண்டு. எச்சம் சினையைப் பற்றியதாக இருந்தால், அதாவது கை, கால் போன்ற உறுப்பைப் பற்றியதாக இருந்தால், அது முதலின் வினையைக் கொண்டு முடியலாம். 'கால் தடுக்கி விழுந்தான்' என்று நாம் கூசாமல் சொல்கிறோம். தடுக்கியது கால், விழுந்தது அவன். உறுப்பும் உடையவனும் வேறல்லர் என்று நம் இலக்கணம் கருதுகிறது. ('மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவற்றுக்கு எச்சத்திரிபு என்று தனியே அமைதி கூறுவார்கள். அதற்குள் போனால் இன்று வெளியே வர முடியாது.)

உடலுறுப்பில் நமக்குள்ள இந்தச் சலுகையை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகிறபோது தடுக்கி விழுகிறோம். 'வாக்கிங் ஹோம், ஹெர் ஃபீட் பிகேன் டு ஏக்' என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள். வாக்கியத்தில் அவள் இருக்கிறாளே, 'ஹெர்' என்று தெளிவாகத்தானே நிற்கிறாள் என்று தோன்றும். அவள் உடைமைப் பொருளில் மட்டுமே நிற்கிறாள், எழுவாய் பாதங்கள். கண்டிப்பாக வாசித்தால் பாதங்கள் தாமாக வீட்டுக்கு நடந்து போகின்றன. பாதம் என்பதால் இது பாதி உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 'ஹெர் பிரதர்', 'ஹெர் ஃபீட்', 'ஹெர் மைண்ட்' என்று தொடங்கும் முதன்மை வாக்கியங்களை இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்று எங்களுக்குள் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

இதைவிட ஆழமான இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் பசியும் நினைவும் அழுகையும் நாம் செய்கிற செயல்கள் அல்ல, நமக்கு நேர்பவை. எனக்குப் பசித்தது, அவளுக்கு ஞாபகம் வந்தது, அவருக்குக் கோபம் வந்தது. அனுபவிக்கிற மனிதர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, அனுபவம் எழுவாயாக வந்து அமர்கிறது. ஆனாலும் எச்சத்தைப் பொறுத்தவரை அந்த ஒதுங்கி நிற்கும் மனிதரே வினைமுதலாகப் பணியாற்றுகிறார். 'கடிதத்தைப் படித்து அவளுக்கு அழுகை வந்தது' என்கிறோம். படித்தது அழுகை என்று எந்தத் தமிழரும் எண்ணமாட்டார். இதையே ஆங்கிலத்தில் 'ரீடிங் த லெட்டர், டியர்ஸ் கேம் டு ஹெர் ஐஸ்' என்று எழுதினால், இலக்கணப்படி கண்ணீர் கடிதம் படிக்கிறது. 'வைல் வாக்கிங் ஹோம், ஹெர் மதர்'ஸ் ஃபேஸ் கேம் டு ஹெர்' என்றால் அம்மாவின் முகம் தெருவில் நடந்து வருகிறது.

இதற்குப் பாடநூல்கள் ஒரே மருந்தை முதலில் நீட்டும்: செயலைச் செய்தவரை எழுவாயாக்கு. 'ரீடிங் த லெட்டர், ஷி பிகேன் டு க்ரை.' 'வைல் வாக்கிங் ஹோம், ஷி ரிமெம்பர்ட் ஹெர் மதர்.' இலக்கணம் நேராகிவிட்டது, உண்மைதான். எங்களுக்கு இந்த மருந்தின்மீது குறை உண்டு. அலுவலகக் கடிதத்துக்கும் ஆய்வறிக்கைக்கும் இது போதும். கதைக்குப் போதாது. அழுகை வந்தவள் இப்போது அழத் தொடங்குபவள் ஆகிறாள். நினைவு தானாக வந்து தாக்கியது போய், அவள் நினைத்துப் பார்க்கிறாள். தமிழ் வாக்கியம் அவள்மீது நிகழவிட்ட ஒன்றை ஆங்கில வாக்கியம் அவளைக் கொண்டு செய்விக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி ஐந்து இடம் திருத்தினால் மூலத்தின் அடங்கிய பெண் மொழிபெயர்ப்பில் முனைப்புள்ளவளாக எழுந்துவிடுவாள். மொழிபெயர்ப்புகளில் பாத்திரங்களின் குணமே சற்று மாறித் தெரிவதாக நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு இந்தத் திருத்தத்துக்கு உண்டென்று எங்களுக்குப் படுகிறது.

வேறு மருந்து இருக்கிறது. ஆங்கிலம் கழித்த அந்த இரு சொற்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. 'ஆஸ் ஷி ரெட் த லெட்டர், டியர்ஸ் கேம் டு ஹெர் ஐஸ்.' முன்பகுதிக்கு அதன் சொந்த எழுவாயும் முற்றுவினையும் வந்துவிட்டதால் அது யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. பின்பகுதியில் கண்ணீர் எழுவாயாகவே இருக்கலாம், வந்ததாகவே இருக்கலாம். கோயில் மணிக்கும் இதுவே: 'ஆஸ் ஷி வாஸ் வாக்கிங் ஹோம், த டெம்பிள் பெல் ராங்.' மணி அடிக்கிறது, அவள் நடக்கிறாள், இருவரும் தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள். 'ஷி ஹெர்ட் த பெல்' என்று எழுதினால் மணியோசை அவள் காதுக்குள் சுருங்கிவிடும். ஊருக்கெல்லாம் அடித்த மணி அவளுக்காக அடித்ததாகிவிடும். சுருக்கமே வேண்டுமென்றால் 'ஆன் ஹெர் வே ஹோம்' என்று வினையே இல்லாத தொடரைக் கொள்ளலாம். அதில் 'ஹெர்' இருப்பதால் வழி யாருடையது என்பதில் ஐயம் எழாது. 'த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட்' என்பதுபோல எச்சத்துக்கே தனி எழுவாய் தரும் வடிவமும் ஆங்கிலத்தில் உண்டு. நம் 'மழை நின்று' என்பதற்கு அது மிக நெருக்கமானது என்ற மகிழ்ச்சியில் அள்ளித் தெளித்துவிடக் கூடாது. இன்றைய கதை நடையில் அது சற்றுக் கஞ்சி போட்ட வேட்டியைப் போல விறைத்து நிற்கும்.

தொடரை வாக்கியத்தின் முடிவுக்குத் தள்ளினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். 'த பெல் ராங் வைல் வாக்கிங் ஹோம்' என்று மாற்றினாலும் நடப்பது மணியேதான். 'வைல்' இல்லாமல் வெறும் எச்சமாக முடிவில் வைத்தால் வேறொரு விபத்து நிகழும். 'ஐ சா த எலிஃபண்ட் வாக்கிங் ஹோம்' என்பதில் வீட்டுக்குப் போவது யானை. அருகிலிருக்கும் பெயரை எச்சம் பற்றிக்கொள்கிறது. 'வைல்' சேர்த்தால்தான் அது மீண்டும் 'ஐ' என்ற எழுவாயிடம் திரும்புகிறது. இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி, முதன்மை வாக்கியத்தின் எழுவாயைப் பிடுங்கி எச்சத்தின் முன்னால் நட்டுப் பார்ப்பது. 'ஹெர் பிரதர் வாஸ் வாக்கிங் ஹோம்' என்று வாய்விட்டுச் சொன்னவுடன் எங்கள் நண்பரின் முகம் மாறியது. ஒரு வாரமாக எங்களோடு வாதிட்டவர் அவர்.

இதை ஒரு தீட்டாகக் கருதவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஹாம்லெட்டின் முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில், தந்தையின் ஆவி தன் மரணத்தைப் பற்றி ஊரில் பரப்பப்பட்ட பொய்யை மகனிடம் சொல்கிறது: தோட்டத்தில் உறங்கிக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்துவிட்டதாம். ஷேக்ஸ்பியரின் சொற்றொடரை ஸ்ட்ரங்கின் விதிப்படி பிரித்தால் உறங்கியது பாம்புதான். நானூறு ஆண்டுகளாக யாரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. உறங்குகிற பாம்பு கடிக்காது என்பதோடு, பேசுகிறவர் தம் மரணத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதும் கேட்பவருக்குத் தெரியும். 'கன்ஸிடரிங்', 'ஜட்ஜிங் ஃப்ரம்' போன்றவை எச்சத்தன்மையை இழந்து ஏறக்குறைய உருபுகளாகவே ஆகிவிட்டதை ஃபௌலரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவற்றுக்கு எழுவாய் தேடவேண்டியதில்லை. ஏவல் வாக்கியங்களிலும் தொல்லை இல்லை. 'வைல் வாக்கிங் ஹோம், பை சம் மில்க்' என்றால் நடப்பவரும் பால் வாங்குபவரும் முன்னிலையில் இருப்பவரே.

எனவே நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோல் பள்ளிக்கூடத்து அளவுகோலுக்கு நேர்மாறானது. பள்ளிக்கூடம் நடக்கும் மணியைக் கண்டு பதறும், நடக்கும் அண்ணனைக் கவனிக்காமல் போகும். கடன் கொடுக்க நிற்கும் எழுவாய் உண்மையிலேயே அந்தச் செயலைச் செய்யக்கூடியதா என்பதை நாங்கள் முதலில் பார்க்கிறோம். 'வைல் வாக்கிங் ஹோம், எ டாக் பிட் மீ' என்பதில் நாயும் வீடு திரும்பக்கூடியதுதான். ஒரு விசாரணை அறிக்கையிலோ சாட்சியத்தின் மொழிபெயர்ப்பிலோ நடந்து வந்தது யார், பார்த்தது யார் என்பது இப்படிப் புரண்டுவிட்டால் அதைக் கதையாசிரியர் வந்து திருத்தப் போவதில்லை. 'வைல் வாக்கிங் ஹோம், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்' என்பதில் அந்த 'இட்' எதையும் சுட்டாத வெற்று எழுவாய். அதனால் நடக்க இயலாது. வாசகர் தடுக்கிவிழ அங்கே கல் இல்லை. தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் பேச்சில் இதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். அச்சில் தவிர்ப்பது நல்லது என்போரோடு சண்டையிட மாட்டோம். தவிர்க்காதவரையும் கைகாட்ட மாட்டோம்.

நண்பர் கதையை மீண்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் அவர் செய்தது பாடநூல் திருத்தம்: 'வைல் வாக்கிங் ஹோம் ஃப்ரம் வொர்க், ஷி வாஸ் ஸீன் பை ஹெர் பிரதர்.' பிழையில்லாத வாக்கியம். ஆனால் அண்ணன் வாக்கியத்தின் வாலில் ஒண்டிக்கொண்டான். பாலத்தின் இருட்டில் ஒருவன் விழித்திருப்பதை வாசகர் உணரவேண்டிய இடம் அது. அவன் எழுவாயாக இருந்தே தீரவேண்டும். அவரே அதை அடித்துவிட்டு இப்படி எழுதினார்: 'ஆஸ் ஷி வாஸ் வாக்கிங் ஹோம் ஃப்ரம் வொர்க், ஹெர் பிரதர் வாஸ் வாச்சிங் ஹெர் ஃப்ரம் அண்டர் த பிரிட்ஜ்.' ஒரு 'ஃப்ரம்' சேர்ந்ததில் பாலத்தடிக்கு உரியவனும் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான். பார்த்தான் என்பது பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஆனதைப் பற்றி எங்களுக்குள் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அது வேறு கதை.

அதே கதையில் இன்னும் ஏழு இடங்கள் இருந்தன. ஆறைத் திருத்தினார். ஏழாவது, அவள் பாலத்தைக் கடக்கையில் மழை பிடித்துக்கொள்ளும் வாக்கியம். அதை அப்படியே விட்டுவிட்டார். இதழில் வெளிவந்தபோதும் அது அப்படியே இருந்தது.